வழுக்கையைக் கிண்டல் செய்தால் சிரிப்பவர், கணக்குப் பிழையைக் கிண்டல் செய்தால் ஏன் முகம் சுருங்குகிறார்?

ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவு. மதியச் சாப்பாட்டு நேரம். ஐந்தாறு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 48. இருபது வருடமாக அங்கேயே வேலை பார்க்கிறார். முன்தலையில் முடி இல்லை.

"அண்ணே, லைட்டுக்குக் கீழே உட்காராதீங்க, கண்ணு கூசுது" என்கிறார் ஓர் இளைஞர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் தலையைத் தடவிக்கொண்டு, "உனக்கும் வரும்டா, இரு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

பத்து நிமிடம் போகிறது. அன்று காலை அவர் அனுப்பிய சம்பளப் பட்டியலில் டிரைவர் ஒருவரின் 28,000 ரூபாய், ஒரு சைபர் கூடுதலாக விழுந்து 2,80,000 ஆகியிருந்தது. யாரோ பார்த்துச் சொல்ல, உடனே திருத்தியும் விட்டார்கள். அதை நினைத்து எதிரே இருந்த பெண், "அண்ணே, எனக்கும் அப்படி ஒரு சைபர் சேர்த்துப் போடுங்களேன்" என்கிறார். மறுபடி எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ரசம் சாதத்தில் இருந்த கை அப்படியே நிற்கிறது. "வேலை பார்க்கிறவனுக்குத்தான் தப்பு வரும்" என்று சொல்லிவிட்டு பாக்ஸை மூடுகிறார். அடுத்த இரண்டு நாள் அந்தப் பெண்ணின் வவுச்சர்களில் தேதி சரியில்லை, கையெழுத்து இல்லை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது.

இது ஓர் எடுத்துக்காட்டுக் காட்சிதான். ஆனால் இதைப் பார்க்காத அலுவலகமோ குடும்பமோ இருக்காது. இப்படி நடந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: "நகைச்சுவை உணர்வே இல்லாத ஆள்", "ஈகோ பிடித்தவர்", "தாழ்வு மனப்பான்மை". முதல் காரணம் உடனே அடிபட்டுப் போகிறது, ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரே சிரித்தார். மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஒன்று, தன்னைப் பற்றி அதிகமாக நினைக்கிறார் என்கிறது. மற்றது, குறைவாக நினைக்கிறார் என்கிறது. ஒரே முகச்சுருக்கத்துக்கு இரண்டையும் காரணமாகச் சொல்கிறோம் என்றால், நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்று பொருள்.

## ஒரு கேலிக்குள் இரண்டு செய்திகள்

நேரடியான குற்றச்சாட்டில் இருப்பது ஒரே செய்தி: "நீ தப்பு செய்தாய்." கேலியில் இரண்டு இருக்கும்.

1. உள்ளே இருக்கும் குறை. "உன் தலையில் முடி இல்லை", "நீ சைபரைக் கூடுதலாகப் போட்டாய்." பெரும்பாலும் இதில் உண்மையின் ஒரு துளி இருக்கும், இல்லாவிட்டால் கேலியே எடுபடாது.
2. அதன் மேல் போர்த்தியிருக்கும் உறவு. "இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நீ எங்களில் ஒருத்தன்." இந்தச் செய்தியை யாரும் வாயால் சொல்வதில்லை. குரலை இழுப்பது, கண்ணைச் சுருக்குவது, வேண்டுமென்றே மிகைப்படுத்துவது போன்ற சைகைகள்தான் சொல்கின்றன.

கேட்பவர் இந்த இரண்டையும் ஒரு நொடிக்குள் எடை போட வேண்டும். இரண்டாவது செய்தி கனமாகத் தெரிந்தால் சிரிப்பு வருகிறது. முதல் செய்தி கனத்தால் முகம் சுருங்குகிறது.

இரண்டாவது செய்தி ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்க உளவியலாளர் மார்க் லியரியும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் முன்வைத்த விளக்கம் இதற்கு உதவுகிறது. வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முள் காட்டுகிறதல்லவா, தன்மதிப்பு அதைப் போன்ற ஒரு முள் என்கிறார்கள். அது அளப்பது, மற்றவர்கள் நம்மை எவ்வளவு சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை. நம்மை ஒதுக்குகிறார்கள் என்ற சிறு அறிகுறி தெரிந்தாலும் முள் இறங்குகிறது. அந்த இறக்கத்தைத்தான் மனசு "சுருக்கென்று" உணர்கிறது. அந்த வலி ஓர் எச்சரிக்கை மணி. உறவு கைவிட்டுப் போகிறது, கவனி என்று அது சொல்கிறது.

நம் ஊர்க் கேலி முறையை இதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மச்சான், மாமன், கொழுந்தியாள் என்ற முறை உள்ளவர்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபம் வருவதில்லை. அதே வார்த்தையைப் பங்காளி சொன்னால் சண்டை. மானிடவியலில் இதற்குக் கேலி உறவு என்று பெயர்; ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மச்சான் முறைக்குள் "நீ எங்களில் ஒருத்தன்" என்ற செய்தியை அந்த முறையே உத்தரவாதமாகக் கொடுத்துவிடுகிறது, முள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக எடை போட்டாக வேண்டும்.

## அளவு ஒன்று, ஆட்டம் வேறு

சரி, அந்த முள் ஒருவருக்கு ஆடாமல் நிற்க, இன்னொருவருக்கு ஏன் படக்கென்று விழுகிறது? தன்மதிப்பு அதிகம் உள்ளவருக்கு ஆடாது, குறைவாக உள்ளவருக்கு ஆடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் காட்டுவது வேறு.

தன்மதிப்பை அளக்க அதிகம் பயன்படுவது, சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட வினாப்பட்டியல். பத்தே வாக்கியங்கள். "மொத்தத்தில் எனக்கு என்மேல் திருப்தி இருக்கிறது" என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டால், மொத்தம் 30-க்குள் ஒரு எண் வரும்.

மைக்கேல் கெர்னிஸ் என்ற உளவியலாளர் கேட்ட கேள்வி எளிமையானது: இதை ஒரு தடவை மட்டும் நிரப்பச் சொன்னால் போதுமா? அவர் ஒரே ஆளிடம் பல நாள், "இந்த நொடியில் உனக்கு எப்படி இருக்கிறது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது கிடைத்தவை இரண்டு எண்கள். ஒன்று அளவு, இன்னொன்று ஆட்டம். புரிவதற்காக நானே போட்ட எண்களால் காட்டுகிறேன். ஆறு முறை கேட்டதில் முதல் ஆளுக்கு 25, 24, 25, 26, 25, 25. இரண்டாவது ஆளுக்கு 29, 20, 28, 21, 30, 22. இரண்டு பேருக்கும் சராசரி 25-தான். ஒரே ஒரு முறை கேட்டிருந்தால், கேட்ட நேரத்தைப் பொறுத்து இரண்டாவது ஆளைத் தன்னம்பிக்கையின் சிகரம் என்றும் சொல்லியிருப்போம், தாழ்வு மனப்பான்மைக்காரர் என்றும் சொல்லியிருப்போம்.

கெர்னிஸும் அவருடைய குழுவும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டு எண்களையும் கோபத்தோடும் பகைமை உணர்வோடும் ஒப்பிட்டார்கள். முடிவு பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபமும் பகைமையும் மிக அதிகமாக இருந்தது, தன்மதிப்பு உயர்ந்தும் ஆட்டம் அதிகமாகவும் உள்ளவர்களிடம். மிகக் குறைவாக இருந்ததும் தன்மதிப்பு உயர்ந்தவர்களிடம்தான், ஆனால் ஆட்டம் இல்லாதவர்களிடம். தன்மதிப்பு குறைந்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றார்கள்.

"ஈகோ", "தாழ்வு மனப்பான்மை" என்று ஒரே ஆளுக்கு எதிரெதிரான இரண்டு பெயர்கள் ஏன் வந்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. உயரத்தில் இருக்கிறது, ஆனால் நிலையாக இல்லை. அவர் நன்றாக இருக்கும் நாளில் பார்த்தவர் ஈகோ என்கிறார். விழுந்த நாளில் பார்த்தவர் தாழ்வு மனப்பான்மை என்கிறார். தன்மதிப்பு ஏற்கெனவே தாழ்ந்து நிலையாக இருப்பவர் கேலியைக் கேட்டு வருந்துவார், ஆனால் பெரும்பாலும் சண்டைக்கு வரமாட்டார். அவர் தன்னைப் பற்றி நினைப்பதைத்தான் அந்தக் கேலியும் சொல்கிறது. உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பவருக்கோ இழக்க நிறைய இருக்கிறது. அதனால்தான் அவர் பாதுகாக்கப் பாய்கிறார்.

## எந்தத் தூணின் மேல் நிற்கிறது?

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஜெனிஃபர் கிராக்கரும் கானி வுல்ஃபும் 2001-இல் கொடுத்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. எல்லா மனிதர்களும் தங்கள் மதிப்பை ஒரே இடத்தில் வைப்பதில்லை என்றார்கள் அவர்கள். தோற்றம், படிப்பு அல்லது தொழில் திறமை, மற்றவர்களின் பாராட்டு, போட்டியில் ஜெயிப்பது, குடும்பத்தின் அன்பு, ஒழுக்கம், கடவுளின் அருள் என்று பல தூண்கள். ஒருவருடைய மதிப்பு எந்தத் தூணின் மேல் நிற்கிறதோ, அந்தத் தூணைத் தொட்டால்தான் வீடு அதிரும். மற்ற தூணில் ஆணியே அடித்தாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது நம் கணக்கரிடம் திரும்பி வருவோம். அவருக்குள் நடந்ததை இப்படிப் பிரிக்கலாம்.

1. அவருடைய மதிப்பு தோற்றத்தின் மேல் நிற்கவில்லை. வழுக்கை பற்றிய கேலியில் "குறை" என்ற செய்திக்கு எடையே இல்லை. "எங்களில் ஒருத்தன்" என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அது பாசமாகவே பட்டது.
2. "இவர் கை பட்டால் தப்பு வராது" என்ற பெயர்தான் இருபது வருடமாக அவரைத் தாங்குகிறது. பதவி உயர்வு வரவில்லை, சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. அந்தப் பெயர் மட்டும் இருக்கிறது. சைபர் பற்றிய கேலி நேராக அதன் மேல் விழுந்தது.
3. அன்று காலையே பிழை வெளிப்பட்டிருந்தது. முள் ஏற்கெனவே இறங்கிய நிலையில்தான் சாப்பிட உட்கார்ந்தார். அதே கேலியை ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார்.
4. சொன்னவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், சுற்றி ஐந்து பேர். கேலி வெறும் தகவலாக இல்லாமல், மற்றவர்கள் முன் நடந்த தர இறக்கமாக அவருக்குத் தெரிந்தது.
5. "வேலை பார்க்கிறவனுக்குத்தான் தப்பு வரும்" என்ற பதிலைக் கவனியுங்கள். கேலிக்கான பதில் அல்ல அது. குற்றச்சாட்டுக்கான பதில். போர்வையை அவர் பார்க்கவே இல்லை, உள்ளே இருந்ததை மட்டும் கேட்டிருக்கிறார்.
6. அடுத்த இரண்டு நாள் வவுச்சர்களைத் திருப்பி அனுப்பியது வெறும் பழிவாங்கல் இல்லை. "தப்பு செய்வது நான் மட்டுமில்லை, அதைக் கண்டுபிடிக்கும் திறமை இன்னும் என்னிடம் இருக்கிறது" என்று, இடிந்த தூணையே அவர் திரும்பக் கட்டுகிறார்.

ஆகவே ஒருவருக்கு எது தூண் என்று தெரிய வேண்டுமானால், அவர் எந்தக் கேலிக்குச் சிரிக்கிறார், எதற்கு விளக்கம் கொடுக்கிறார் என்று பார்த்தால் போதும். கோபத்தைவிட விளக்கம்தான் தெளிவான அடையாளம். மனசில் படாத கேலிக்கு யாரும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

## எந்தச் சிரிப்பும் தன்னைப் பற்றியதே என்று கேட்பவர்கள்

மேலே சொன்னது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வலிக்கும் வகை. இன்னொரு வகை உண்டு. இவர்களுக்கு எந்தக் கேலியும் ஆகாது, பக்கத்து மேசையில் யாரோ சிரித்தால்கூட "என்னைப் பார்த்துத்தானா?" என்று உடல் விறைக்கும். ஜெர்மன் உளவியலாளர் மிகாயேல் டிட்சே தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இதைக் கண்டு, ஜெலட்டோஃபோபியா என்று பெயர் வைத்தார். தமிழில் நகைப்பச்சம் எனலாம். பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற அச்சம். பிறகு சூரிச் பல்கலைக்கழகத்தின் வில்லிபால்ட் ரூக், ரெனே புரோயர் ஆகியோர் இதை அளக்க 15 வாக்கியங்கள் கொண்ட வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்; சராசரி 2.5-ஐத் தாண்டினால் அச்சம் இருக்கிறது, 3.5-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. 2009-இல் 73 நாடுகளில் எடுத்த தரவுகளை வைத்து வெளியான ஆய்வு, இது எந்த ஒரு பண்பாட்டுக்கும் மட்டும் உரியதல்ல என்று காட்டியது.

இவர்களைப் புரிந்துகொள்ள ஒரு கண்டுபிடிப்பு போதும். நட்பான கிண்டல், அவமதிக்கும் ஏளனம் இரண்டையும் பற்றிய காட்சிகளைக் கொடுத்து என்ன உணர்வு வரும் என்று டிரேசி பிளாட் கேட்டார். நகைப்பச்சம் இல்லாதவர்கள் முதலாவதற்கு மகிழ்ச்சி, வியப்பு என்றும், இரண்டாவதற்குக் கோபம், வெட்கம் என்றும் பிரித்துச் சொன்னார்கள். நகைப்பச்சம் உள்ளவர்களிடம் அந்தப் பிரிப்பு இல்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வெட்கம், ஒரே பயம். அதாவது, கேலியின் மேலிருக்கும் போர்வை அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இவர்களிடம் தன்மதிப்பு தாழ்ந்திருப்பது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தாழ்ந்த தன்மதிப்பு ஒரு முன்முடிவைக் கொடுக்கிறது: "என்னிடம் சிரிக்க ஏதோ இருக்கிறது." அந்த முடிவோடு வருபவருக்கு, அடுத்தவர் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பது சாட்சியாகத்தான் தெரியும், சமாதானமாகத் தெரியாது. சிறுவயதில் திரும்பத் திரும்பக் கேலிக்கு ஆளானதுதான் காரணம் என்று டிட்சே முதலில் கருதினார். ஆனால் அப்படி எதுவும் நினைவில் இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே காரணத்தில் இதை அடக்க முடியாது.

ரூக் குழு இன்னொன்றையும் சோதித்தது. நகைப்பச்சம் உள்ளவர்கள் "எனக்கு நகைச்சுவை வராது" என்று தங்களைப் பற்றியே சொல்கிறார்கள். ஆனால் கார்ட்டூன்களுக்கு வேடிக்கையான வரி எழுதச் சொன்னால் மற்றவர்களுக்குச் சமமாகவே எழுதுகிறார்கள். "நகைச்சுவை உணர்வு இல்லாத ஆள்" என்று நாம் சொல்வது பொய் என்பது மட்டுமல்ல. அவர் ஏற்கெனவே நம்பும் ஒரு பொய்யை நாமும் உறுதி செய்கிறோம். இதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

## சிரித்துவிட்டால் மட்டும் சரியா?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், எள்ளலால் பிறக்கும் சிரிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்படும்போது தான் சிரிப்பது இன்னொன்று. இரண்டாவது சிரிப்பு எப்போதும் லேசான மனசின் அடையாளமாக இருப்பதில்லை. முகத்தை மறைக்க வரும் சிரிப்பும் உண்டு.

கனடாவின் ராட் மார்ட்டின் குழு 2003-இல் நகைச்சுவைப் போக்குகளை நான்காகப் பிரித்தது. அதில் ஒன்று, மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னைத் தானே மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பது. இந்தப் போக்கு அதிகம் உள்ளவர்களிடம் தன்மதிப்பு குறைவாகவும், மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகவும் இருந்தன. எவ்வளவு கிண்டல் செய்தாலும் தாங்குவார் என்று நட்பு வட்டத்தில் பெயர் வாங்கிய ஆள் சில சமயம் இவராகவே இருப்பார். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, சிரிப்புக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையாக ரசித்தவர் பதிலுக்கு ஒன்று சொல்வார், அல்லது பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தானாகப் போய்விடும். மறைத்தவர் எல்லோருக்கும் முன்னால் சிரித்து முடிப்பார், பிறகு போனை எடுப்பார். அன்று மாலை வழக்கமான டீக்கு வரமாட்டார்.

## தன்மதிப்பைக் காரணம் காட்டக் கூடாத இடம்

நிறம், சாதி, உடல் குறைபாடு, பேச்சு வழக்கு ஆகியவற்றை வைத்து வரும் கேலிக்கு ஒருவர் முகம் சுருங்கினால், அவருடைய தன்மதிப்பை ஆராய்வது அநியாயம். வெளியே உண்மையாகவே ஓர் ஒதுக்கல் இருக்கிறது; அந்தக் கேலி அதை நினைவுபடுத்துகிறது. முள் சரியாகத்தான் வேலை செய்கிறது. திருப்பிச் சொல்ல முடியாத இடத்திலிருந்து, மேலதிகாரியிடமிருந்தோ மாமியார் வீட்டிலிருந்தோ வரும் கேலியும், ஒருவரையே குறிவைத்துத் தினமும் வரும் கேலியும் இப்படித்தான். நிலையான தன்மதிப்பு உள்ளவர் இங்கே சிரித்துக் கடக்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அவர் நேராக, "இப்படிப் பேசாதீங்க" என்று சொல்லக்கூடும். அதுவும் நிலையான தன்மதிப்பின் அடையாளமே.

## "சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்"

கேலி செய்தவரின் பக்கத்திலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. ஜஸ்டின் குரூகர் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வுகளில், கேலி செய்தவர்கள் தங்கள் கேலியை லேசானது, பாசமானது என்று மதிப்பிட்டார்கள். அதையே வாங்கிக்கொண்டவர்கள் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னவருக்குத் தன் எண்ணம் உள்ளிருந்தே தெரியும், அதனால் அது வெளியிலும் தெரிகிறது என்று நினைக்கிறார். கேட்டவருக்குக் கிடைப்பது வார்த்தை மட்டும். அதனால் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று பிறகு விளக்குவது பெரிதாக உதவுவதில்லை. போர்வை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவுப் பெண் மன்னிப்புக் கேட்டால் என்ன ஆகும்? எல்லோர் முன்னாலும் "ஸாரிண்ணே, சும்மா சொன்னேன்" என்றால், பிழையும் திரும்ப மேசைக்கு வருகிறது, அவர் புண்பட்டார் என்பதும் எல்லோருக்கும் உறுதியாகிறது. முள் இன்னும் இறங்கும். தனியாக இருக்கும்போது இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு, அந்தக் காலாண்டின் ஜிஎஸ்டி கணக்கில் தனக்கு இடிக்கும் ஒரு இடத்தைக் காட்டி, "இதை ஒரு தடவை பாருங்கண்ணே" என்று அவரிடம் நீட்டினால் கதை வேறு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்ப்பார். மூன்றாவது வரியில் நின்று, "இங்கே ஒரு சைபர் விட்டுப்போச்சு பாரு" என்று அவரே சொல்லவும் கூடும்.